பன்னிரண்டு வோல்ட் கேட்கும் வயர்

நான் வீட்டிலிருந்தபடியே போனில் பேசி சம்பாதிக்கிறவள். வங்கி அட்டை விற்கும் ஒரு கம்பெனிக்கு வாடிக்கையாளர்கள் கூப்பிடுவார்கள். மலையாளத்தில் கேட்டால் மலையாளத்திலும் தமிழில் கேட்டால் தமிழிலும் பதில் சொல்வேன். கேரள-தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய குன்னத்துகாலில் பிறந்து வளர்ந்தவளுக்கு இது பெரிய வித்தை இல்லை. எங்கள் ஊரில் ஒரே வாக்கியத்தை ஒரு பாஷையில் தொடங்கி இன்னொன்றில் முடிப்போம். கம்பெனி அதற்குச் சம்பளம் தருகிறது என்பதில்தான் எனக்கு முதலில் ஆச்சரியம்.

இந்த வேலைக்கு லேப்டாப், காதில் ஹெட்செட், அறுபடாத இன்டர்நெட் மூன்றும் வேண்டும். முதல் இரண்டும் கம்பெனி கொடுத்தது. மூன்றாவதுதான் பாடு. எங்கள் பகுதியில் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே கரண்டுக் கம்பி போகிறது. காற்று கொஞ்சம் பலமாக வீசினால் ஒரு கிளை விழும், கரண்டு போகும். லேப்டாப்பில் பேட்டரி உண்டு, அது ஓடும். ஆனால் சுவரில் மாட்டியிருக்கும் ஃபைபர் மோடம் அந்த நொடியே அணையும். கார்டு தொலைந்துபோய்ப் பதறுகிற ஒரு ஆளிடம், "பதற வேண்டாம் சார், நான் இப்பவே பிளாக் பண்ணுறேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே நானே தொலைந்துபோவேன்.

வீட்டில் பெரிய இன்வெர்ட்டர் இல்லை. ஒரு பவர் பேங்க் மட்டும் இருந்தது. லேப்டாப்புக்கே சார்ஜ் ஏற்றக்கூடிய தடித்த செங்கல் மாதிரியான ஒன்று, என் தம்பி ஷார்ஜாவிலிருந்து கொண்டுவந்தது. இவ்வளவு கனத்தை வைத்துக்கொண்டு ஒரு சின்ன மோடத்தை ஓட்ட முடியாதா என்று யோசித்துத்தான் தேட ஆரம்பித்தேன். மோடத்தின் அடியில் பன்னிரண்டு வோல்ட் என்று எழுதியிருந்தது. போன் சார்ஜர் கொடுப்பது ஐந்து வோல்ட் என்பதுதான் அதுவரை எனக்குத் தெரிந்த கணக்கு. அப்படித் தேடிக்கொண்டிருந்தபோதுதான் 'டிரிக்கர் கேபிள்' என்ற ஒன்று கண்ணில் பட்டது. ஒரு முனையில் சி டைப் பின், மறு முனையில் மோடத்துக்குப் போகும் உருண்டைப் பின். நடுவில் ஒரு கறுப்பு வயர். 12V என்று ஒரு சின்ன ஸ்டிக்கர். அவ்வளவுதான். ஒரு ஹோட்டல் சாப்பாட்டு விலைகூட இல்லை.

வந்த அன்றைக்கே முதலில் போன் சார்ஜரில்தான் சொருகிப் பார்த்தேன். மோடத்தில் ஒரு விளக்கு எரிந்தது, அணைந்தது, மறுபடியும் எரிந்தது. வைஃபை பேர் போனில் எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தது.

எங்கள் வீட்டுக்காரர் அரசு பள்ளிக்கூடத்தில் கிளார்க். குறை கண்டுபிடிக்கிற விஷயத்தில் அவருக்குப் பொறுமை ஜாஸ்தி. பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "பொட்ட வயராக்கும். திருப்பி அனுப்பு" என்றார்.

"சும்மா நில்லுங்க. மீட்டர் எடுத்துட்டு வாங்க."

மாமனார் காலத்து மல்டிமீட்டர் ஒன்று வீட்டில் உண்டு. சிவப்பு முனையை உருண்டைப் பின்னின் நடுத் துளைக்குள்ளும் கறுப்பை வெளி உலோகத்திலும் வைத்துப் பார்த்தோம். ஒன்பது காட்டியது. பன்னிரண்டு இல்லை, ஐந்தும் இல்லை. ஒன்பது!

அந்த ஒன்பதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. வயர் கெட்டதென்றால் ஒன்றும் வரக்கூடாது. ஒன்பது எங்கிருந்து வந்தது? சார்ஜரைத் திருப்பி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அந்தப் பொடி எழுத்தைப் படித்தேன். ஐந்து வோல்ட், ஒன்பது வோல்ட், பதினைந்து வோல்ட், இருபது வோல்ட் என்று வரிசையாக இருந்தது. பன்னிரண்டு அதில் இல்லவே இல்லை. பவர் பேங்கின் முதுகைப் படித்தேன். அதில் ஐந்து, ஒன்பது, பன்னிரண்டு, பதினைந்து, இருபது. அதில் சொருகினேன். மீட்டர் பன்னிரண்டைக் காட்டியது. மோடத்தின் விளக்குகள் ஒவ்வொன்றாகப் பச்சையாகி, அப்படியே நின்றன.

எங்கள் வீட்டுக்காரர் மீட்டரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் மட்டும் அன்று முழுக்க அதைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தேன். படிக்கப் படிக்க வாயடைத்துப் போனேன்.

நாம் நினைப்பது போல சி டைப் சார்ஜர் எந்நேரமும் கரண்டைத் துப்பிக்கொண்டு நிற்பதில்லை. எதிரே ஆள் வந்திருக்கிறதா என்று முதலில் பார்க்கும். அந்தப் பின்னுக்குள் பேச்சுக்கென்றே தனியாக ஒரு ஊசிக் கம்பி இருக்கிறது. ஆள் வந்தது தெரிந்ததும் ஐந்து வோல்ட் கொடுத்துவிட்டு, அந்தக் கம்பி வழியே சார்ஜர் சொல்லும்: என்னிடம் இன்னின்ன வோல்ட் உண்டு, இவ்வளவு ஆம்பியர் வரை தாங்குவேன். எதிர்ப்பக்கம் போன் இருந்தால் போன் பதில் சொல்லும். என் மோடத்துக்குப் பேசத் தெரியாது. அது பழைய காலத்துப் பெட்டி, கொடுத்ததை வாங்கிக்கொள்ளும். அதனால் வயரின் தலைக்குள் அரிசி மணியளவுக்கு ஒரு சிப்பை வைத்திருக்கிறார்கள். மோடத்துக்குப் பதிலாக அது பேசும். "எனக்குப் பன்னிரண்டு போதும்" என்று கேட்கும். சார்ஜர் சம்மதம் சொல்லி, வோல்ட்டை ஏற்றி, "தயார்" என்றும் சொல்லும். இல்லாததைக் கேட்டால் கொடுக்காது. நான் வாங்கிய வயர், பன்னிரண்டு கிடைக்காவிட்டால் அதற்குக் கீழே இருப்பதை வாங்கிக்கொள்ளும் ஜாதி. அதனால்தான் ஒன்பது வந்தது.

இத்தனையும் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடுகிறது. நாள் முழுக்க முன்பின் தெரியாதவர்களுக்கு நடுவில் நின்று பேசிப் பிழைக்கிறவள் நான். என்னை மாதிரியே ஒன்று அந்த வயருக்குள் உட்கார்ந்திருக்கிறது என்று தோன்றியது. அதைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே ஒன்றுமே தெரியவில்லை. வெறும் கறுப்பு ரப்பர்.

அதற்குப் பிறகு கரண்டு போனால் எழுந்து போய் மோடத்தின் பின்னை மாற்றிச் சொருகுவேன், இரண்டு நிமிஷத்தில் இன்டர்நெட் திரும்ப வந்துவிடும். செட்டாப் பாக்ஸுக்கும் அதே அளவு பின்தான், ஆனால் வோல்ட் வேறு. தவறிப்போய் அதில் யாரும் சொருகிவிடக்கூடாது என்று அந்த வயரை மட்டும் மோடத்தின் மேலேயே கட்டிவைத்தேன்.

இடவப்பாதி என்று நாங்கள் சொல்லும் தென்மேற்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்னால் ஒரு சாயங்காலம் காற்று வந்தது. காற்று என்று சொல்வது போதாது. மேற்கே கடல் பக்கமிருந்து ஒரு இரைச்சல் கிளம்பி வந்து, ரப்பர் மரங்களைச் சோளத்தட்டை மாதிரி முறித்துப்போட்டது. எங்கள் வீட்டுக்கு வரும் பாதையில் ஒரு அயினி மரம் வேரோடு சாய்ந்தது. அதோடு இரண்டு கரண்டுக் கம்பமும் கூடச் சாய்ந்தன. இரவு முழுக்க மழை. எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் படுத்தோம்.

காலையில் போனில் சிக்னல் ஒரு கோடுதான் இருந்தது. எல்லைப்புறத்தில் இருக்கிற எங்களுக்குக் கொஞ்ச நேரம் கேரளா டவர் கிடைக்கும், கொஞ்ச நேரம் தமிழ்நாடு டவர் கிடைக்கும். சமையல்கட்டிலிருந்து முற்றத்துக்கு வந்தாலே மாறும். அன்றைக்கு இட்லி வெந்து இறக்குவதற்குள் இரண்டுமே போய்விட்டன. டவர்களின் பேட்டரி தீர்ந்திருக்க வேண்டும்.

மோடத்தைப் போட்டுப் பார்ப்போம் என்று பவர் பேங்கை எடுத்தேன். எனக்கு நம்பிக்கை இல்லை. அப்போதுதான் வெளியே போய் வந்த எங்கள் வீட்டுக்காரர் சொன்னார், "ஃபைபர் வயரு கெடக்க கெடப்ப பாத்தேன். அயினி மரத்துக்க அடியில சேத்துல கெடக்கு. அதில என்னத்த வரும்?"

சொருகினேன். பவர் விளக்கு எரிந்தது. ஃபைபர் விளக்கு கொஞ்ச நேரம் சிமிட்டியது. பிறகு பச்சையாக நின்றது.

இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். முடி மாதிரியான ஒரு கண்ணாடி இழை. மரத்துக்கடியில், சேற்றில் கிடக்கிறது. அதற்குள்ளே வெளிச்சம் வந்துகொண்டிருக்கிறது. அங்கே கேபிள்காரரின் ஆபீஸில் ஜெனரேட்டர் ஓடுகிறது; அங்கிருந்து எங்கள் சுவர் வரைக்கும் நடுவில் எங்கேயும் கரண்டு தேவையில்லை, வெளிச்சம் தானே நடந்து வந்துவிடும் என்று அவர் ஒருமுறை சொல்லியிருந்தார். ஊரே இருட்டில் கிடக்கும்போது அந்த வெளிச்சம் மட்டும் நிற்காமல் வந்து, எங்கள் வீட்டு வாசலில் யாராவது திறப்பார்களா என்று காத்துக்கொண்டு இருந்திருக்கிறது.

"கொள்ளாமே" என்றார் எங்கள் வீட்டுக்காரர். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு பாராட்டு வருவது லேசில் இல்லை.

எதிர்வீட்டில் ஒரு தங்கச்சி இருக்கிறாள். சொந்தமில்லை, ஆனால் நான் அவளை அப்படித்தான் கூப்பிடுவேன். முப்பத்தைந்து வயசு இருக்கும். தையல் வேலை செய்வாள். அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் நெய்யாற்றின்கரைக்குப் போய் டயாலிசிஸ். கொடுக்கக்கூடிய சொந்தக்காரர்கள் யாருடையதும் பொருந்தவில்லை. இறந்தவர்களிடமிருந்து கிடைப்பதற்காகத் திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பெயர் பதிந்து வைத்திருந்தார்கள். பதிந்து வருஷங்கள் ஆகிவிட்டன. அதைப் பற்றி அவள் பேசுவதே இல்லை.

அவளுடைய மாப்பிள்ளை டைல்ஸ் ஒட்டும் வேலைக்காரர். சாந்தமான மனுஷன். அன்று காலையில் அவர்தான் முதலில் எங்கள் வாசலுக்கு வந்தார்.

"அக்கா, நாளைக்கு அவளுக்கு டயாலிசிஸ் உண்டு. நெய்யாற்றின்கரையில மெஷின் ஓடுதான்னு கேக்கணும். போன் ஒண்ணும் போவல்ல. ஒங்க வீட்டுல நெட்டு உண்டுன்னு அண்ணன் சொன்னாரு."

"உண்டு. போன இஞ்ச தா."

அவருடைய போனை வைஃபையில் சேர்த்தேன். செட்டிங்கில் போய் 'வைஃபை காலிங்' என்பதைப் போட்டேன். அதைப் போட்டால் டவர் இல்லாவிட்டாலும் சாதாரண நம்பருக்கே இன்டர்நெட் வழியாக அழைப்பு வரும், போகும். அவருக்கு அது தெரியாது. எனக்கு இது தொழில், எனக்குத் தெரியும்.

மேலே பேட்டரி சிவப்பாக இருந்ததை நான் அப்போது கவனிக்கவில்லை.

போட்டதும் அந்தப் போன் டிங் டிங்கென்று சத்தம் போட ஆரம்பித்தது. தவறிய அழைப்புகள். ஒரே நம்பர், திருவனந்தபுரத்து லேண்ட்லைன். திரும்பத் திரும்ப அடித்திருக்கிறார்கள்.

"இது யாரு தம்பி?"

அவர் பார்த்தார். அவருக்கும் தெரியவில்லை. திருப்பிக் கூப்பிடுவோமா என்று கேட்டு வாய் மூடவில்லை, அதே நம்பர் கையிலேயே அடித்தது.

ஒரு பெண் குரல். மலையாளம். சத்தம் வெளியே கேட்கும்படி நான்தான் ஸ்பீக்கரில் போட்டேன். அந்தப் பெண் எதிர்வீட்டுத் தங்கச்சியின் பேரைச் சொல்லி, வயசைச் சொல்லி, ரத்த வகையைச் சொல்லி, சரிதானா என்று கேட்டாள். இவர் "அதே, அதே" என்று ஆமோதித்தார். அவளுக்குக் காய்ச்சல், சளி ஏதும் உண்டா? கடைசி டயாலிசிஸ் என்றைக்கு? இவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். பிறகு அந்தப் பெண் சொன்னாள், ஒரு சிறுநீரகம் கிடைக்க வாய்ப்பிருக்கிறது, பட்டியலில் இரண்டு பேரைக் கூப்பிடுகிறோம், நீங்கள் இரண்டாவது, முதல் ஆளுக்கு ஒத்துவராவிட்டால் உங்களுக்கு. உறுதியில்லை. ஆனாலும் உடனே கிளம்பி வரவேண்டும்.

அவர் திண்டாடிப்போய் என்னைப் பார்த்தார். வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை.

அப்போதுதான் போன், பேட்டரி தீரப்போகிறது என்று ஒரு சத்தம் போட்டது. எங்கள் வீட்டுக்காரர் பக்கத்திலேயே நின்றார். நல்ல எண்ணத்தில், நொடியும் தாமதிக்காமல், ஒரு சார்ஜிங் வயரை எடுத்து ஒரு முனையைப் போனிலும் மறு முனையைப் பவர் பேங்கின் இன்னொரு துளையிலும் சொருகினார்.

மோடம் செத்தது.

எல்லா விளக்கும் ஒன்றாக அணைந்தன. அந்தப் பெண்ணின் குரல் "அப்போள்…" என்ற இடத்தில் நின்றது.

"அய்யோ!" என்றார் அவர். அவ்வளவு நேரம் வராத சத்தம் அப்போது வந்தது.

"நான் ஒண்ணும் செய்யல்லியே. சார்ஜில போட்டேன், அவ்வளவுதான்" என்றார் எங்கள் வீட்டுக்காரர். முகம் வெளுத்திருந்தது.

எனக்கு மனசுக்குள் ஏதோ ஒன்று தெளிவாக இருந்தது. என்ன செய்தோம், என்ன ஆனது? இரண்டாவது துளையில் ஒரு ஆள் புதிதாக வந்தான். பவர் பேங்க், இருக்கிற சக்தியை இரண்டு பேருக்குப் பங்கு வைக்க வேண்டும். அதனால் முதல் ஆளிடம் பேசி வைத்த பேச்சை முறித்துவிட்டது. முறித்து, இப்போது இருவருக்கும் வெறும் ஐந்து. என் வயர் பன்னிரண்டு கேட்டுக்கொண்டே இருந்தாலும் அது கொடுக்காது.

போனின் வயரைப் பிடுங்கினேன். டிரிக்கர் வயரையும் கழற்றினேன். ஒரு மூச்சு விட்டு, டிரிக்கர் வயரை மட்டும் திரும்பச் சொருகினேன். பவர் விளக்கு எரிந்தது.

"போன லேப்டாப்பில சொருகுங்க. லேப்டாப்பில சார்ஜ் உண்டு. பவர் பேங்க இனி யாரும் தொடப்பிடாது."

எங்கள் வீட்டுக்காரர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

பிறகு காத்திருந்தோம். மோடம் எழுந்து வர இரண்டு மூன்று நிமிஷம் ஆகும். அது எனக்குத் தெரியும், தினமும் பார்ப்பதுதான். ஆனால் அன்றைக்கு அந்த விளக்குகளைப் பார்த்துக்கொண்டு நின்றதைப்போல நான் கோயிலில்கூட நின்றதில்லை. அணைந்து கிடந்த ஃபைபர் விளக்கு மெதுவாகச் சிமிட்டியது. சிமிட்டிக்கொண்டே இருந்தது. சுவரில் கைவைத்துக்கொண்டு நின்ற எதிர்வீட்டுக்காரர் ஏதோ முணுமுணுத்தார். வேண்டுதலாக இருக்கலாம். அந்த வயருக்குள் இருக்கும் அரிசி மணி மறுபடி கேட்டு, அந்தச் செங்கல் மறுபடி சம்மதித்து, சேற்றுக்குள்ளிருந்து வெளிச்சம் மறுபடி வந்து சேர வேண்டும். மூன்றில் ஒன்று பிசகினாலும் அந்தப் பெண் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடுவாள். அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது. அங்கே நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது.

பச்சை நின்றது. வைஃபை வந்தது. அந்த நம்பருக்கு அடித்தோம். பிஸி. மறுபடியும் அடித்தோம். பிஸி.

"போச்சு அக்கா" என்றார் அவர். "வேற ஆள கூப்பிடுகாங்க."

"எலே, சும்மா இரு" என்றார் எங்கள் வீட்டுக்காரர். "நம்மளத்தான் கூப்பிடுகாங்களோ என்னமோ. வச்சிட்டு நில்லு."

வைத்ததும் அடித்தது.

அதே குரல். "கட் ஆயிப்போயி" என்றாள், ஒன்றுமே நடக்காதது போல. இந்த முறை நான்தான் போனை வாங்கிப் பேசினேன். எங்கே வரவேண்டும், யாரைப் பார்க்க வேண்டும், எந்தெந்த ரிப்போர்ட் கொண்டுவர வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் திருப்பிச் சொன்னேன். அன்றாடம் மற்றவர்களுக்காகச் செய்கிற வேலைதான். கடைசியில் அந்தப் பெண் கண்டிப்பான குரலில் சொன்னாள்: "இனி ஒன்னும் கழிக்கருது, வெள்ளம் குடிக்கருது." சாப்பிடவும் கூடாது, தண்ணீரும் குடிக்கக் கூடாது. எதிர்வீட்டில் அந்த நேரம் இட்லி எடுத்து வைத்திருப்பார்கள் என்று தோன்றவே, எங்கள் வீட்டுக்காரர் முற்றத்தைத் தாண்டி ஓடினார்.

நானும் போனேன். அவள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சமையல்கட்டில் நின்றிருந்தாள். எங்கள் வீட்டுக்காரர் அந்தத் தட்டைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"என்னண்ணே?"

"மக்கா, சாப்பிடாத. ஆஸ்பத்திரியில இருந்து கூப்பிட்டாங்க."

அவள் அவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு தட்டை மெதுவாக மேடையில் வைத்துவிட்டு, "நான் குளிக்கல்லியே" என்றாள். அழவில்லை. குளித்துவிட்டு, தலையை இறுக்கப் பின்னி, ரிப்போர்ட் பையை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

பாதையில் அயினி மரம் கிடக்கிறது. எங்கள் காரை வெளியே எடுக்க வழியில்லை. ஊரில் நாலைந்து பேர் ஏற்கனவே வெட்டுகத்தியும் மரமறுக்கும் வாளுமாக அதில் ஏறி நின்றிருந்தார்கள். விஷயத்தைக் கேட்டதும் வெட்டின வேகமே மாறிவிட்டது. காருக்கு வழி திறக்க நேரமாகும் என்பதால் அவளை மரத்தின் மேலே ஏற்றி, அந்தப் பக்கம் கைபிடித்து இறக்கினார்கள். அங்கே பலசரக்குக் கடைக்காரரின் ஜீப் நின்றது. அவளும் மாப்பிள்ளையும் ஏறும்போது, காலுக்கடியில் சேற்றில் கிடந்த அந்தக் கறுப்பு ஃபைபர் வயரைக் காட்டி எங்கள் வீட்டுக்காரர் எல்லாரிடமும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்: "அத மட்டும் வெட்டிராதிங்க! மரத்த எப்படி வேணும்னாலும் வெட்டுங்க, அத தொடாதிங்க!"

தனுவச்சபுரம் வழியாக உதியன்குளங்கரைக்குப் போய் ஹைவேயில் ஏறினால் பிறகு பாதை சரி என்று சொன்னார்கள். ஜீப் வளைவில் மறைந்தது.

அன்று பகல் முழுக்க எனக்கு ஒரே வேலை, அந்த மோடத்தைக் காப்பது. கம்பெனிக்கு வேலைக்கு வரமுடியாதென்று செய்தி அனுப்பிவிட்டேன். பவர் பேங்கில் புள்ளிகள் குறைந்துகொண்டே வந்தன. அதனால் இடைவிட்டு இடைவிட்டு மோடத்தைப் போட்டு, ஏதாவது செய்தி உண்டா என்று பார்த்துவிட்டு அணைப்பேன். ஒவ்வொரு முறை போடும்போதும் அந்தப் பேச்சு முதலிலிருந்து நடக்கும். என்னிடம் இன்னின்னது உண்டு. எனக்குப் பன்னிரண்டு போதும். சரி. தயார். ஒரு முறைகூட அவை இரண்டும் அலுத்துக்கொள்ளவில்லை. செய்தி கேட்க வந்தவர்களால் முற்றம் நிறைந்திருந்தது. தங்கள் வீட்டுக்கும் பேச வேண்டும் என்று வந்தவர்கள்கூட, நிலைமை தெரிந்ததும் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போனை வைத்தார்கள்.

மத்தியானத்துக்குப் பிறகு அவளுடைய மாப்பிள்ளை கூப்பிட்டார். போய்ச் சேர்ந்துவிட்டார்கள், யாருக்குப் பொருந்தும் என்று பார்க்க ரத்தம் எடுத்திருக்கிறார்கள், முதல் ஆளும் வந்திருக்கிறார், கொல்லத்துக்காரர், நல்ல மனுஷன், அவருக்குக் கிடைத்தாலும் சந்தோஷம்தான் என்று சொன்னார்.

பொழுது சாயும் நேரத்தில் மறுபடியும் அழைப்பு வந்தது.

"அக்கா, அவருக்கு கிராஸ்மேட்ச் செரியாவல்ல. இவளுக்கு செரியாச்சு. உள்ள கொண்டுபோறாங்க."

நான் அதைத் திரும்பச் சொல்வதற்கு முன்னாலேயே முற்றத்தில் நின்றவர்களுக்கு என் முகத்திலிருந்து தெரிந்துவிட்டது. யாரும் கைதட்டவில்லை. கூச்சல் இல்லை. ஒரு பெண் மட்டும், "கொடுத்த வீட்டில இப்ப எப்படி இருக்கும்" என்றாள். எங்களுக்குப் பேர் தெரியாத ஏதோ ஒரு வீட்டில், அன்று காலையில் யாரோ ஒருவர் அழுதுகொண்டே சரி என்று சொல்லியிருக்கிறார். அந்த ஒரு சம்மதம் எத்தனை பேருடைய வாய் வழியாக, எத்தனை கம்பி வழியாக வந்து எங்கள் சுவரைத் தொட்டிருக்கிறது! கொல்லத்துக்காரர் அந்நேரம் வெறுங்கையோடு திரும்பிப் போய்க்கொண்டிருப்பார் என்பதும் நினைவுக்கு வந்தது.

கரண்டு வர இன்னும் இரண்டு நாள் ஆனது. மரத்தை வெட்டி முடித்த பிறகு கேபிள்காரரின் ஆட்கள் வந்து ஃபைபர் வயரைத் தூக்கிக் கட்டினார்கள். வயரின் தோல் ஒரு இடத்தில் உரிந்து, உள்ளே இருந்தது தெரிந்தது. இன்னும் கொஞ்சம் வளைந்திருந்தால் போயிருக்கும் என்று ஒருவர் சொன்னார்.

ஒரு மாசத்துக்கு மேலே ஆகித்தான் அவள் திரும்பி வந்தாள். தொற்று வந்துவிடக்கூடாதென்று முகமூடி போட்டிருந்தாள். அதனால் வேலிக்கு அந்தப் பக்கம் அவளும் இந்தப் பக்கம் நானுமாக நின்றுதான் பேசினோம். முகத்தில் அந்தக் கறுப்பும் வீக்கமும் போயிருந்தன. வயரைப் பற்றியும் மோடத்தைப் பற்றியும் அவளுடைய மாப்பிள்ளை எல்லாம் சொல்லியிருந்தார் போல. ஆனால் அவளுக்குச் சொல்ல வேறு விஷயம் இருந்தது.

"அக்கா, ஒண்ணு சொன்னா சிரிக்கப்பிடாது."

"சொல்லு."

"ஆப்பரேஷன் டேபிள்ல வச்சே டியூப்பில மூத்திரம் வந்துதாம். டாக்டர் சொன்னாரு. நாலு வருஷமா ஒரு சொட்டு கிடையாது எனக்கு. முழிச்சு பாத்தா, கட்டிலுக்க கீழ பை நெறஞ்சு கெடக்கு. நர்ஸ் வந்து மாத்துகா, அதும் நெறையுது. நான் அதையே பாத்துட்டு கெடந்தேன் அக்கா. பாத்து பாத்து தீரல்ல."

நான் சிரிக்கவில்லை. அவள் கண்ணில் இருந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளேயிருந்து மாப்பிள்ளை மாத்திரைக்கு நேரமாயிற்று என்று கூப்பிட்டார். "வாறேன்" என்று குரல் கொடுத்துவிட்டு, அவள் மெதுவாகப் படியேறிப் போனாள்.